இரண்டாம் தண்டனை எது?

"ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை கிடையாது, சட்டமே சொல்கிறது" என்று நம் குடியிருப்புகளில் அடித்துப் பேசுகிறார்கள். தோழர்களே, இது பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பித்தான் நம்மவர்கள் மாட்டிக் கொள்கிறார்கள்.

ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் செம்புக் கம்பி காணாமல் போகிறது. சந்தேகத்துக்கு ஆளான தொழிலாளியை மேனேஜர் கூப்பிட்டு, "மன்னிப்புக் கடிதம் கொடு, வேலை போகாது" என்கிறார். அவரும் எழுதிக் கொடுக்கிறார். பிறகு உள்விசாரணை நடக்கிறது, வேலை போகிறது. மறுமாதம் போலீஸ் திருட்டு வழக்குப் போடுகிறது.

இது இரண்டாம் தண்டனையா? இல்லை. அரசியல் சட்டம் 20(2) தடுப்பது, நீதிமன்றம் விசாரித்துத் தண்டித்த அதே குற்றத்துக்கு மறுபடி வழக்கு நடத்துவதை மட்டுமே. பம்பாய் விமான நிலையத்தில் 1949இல் மக்பூல் உசேன் என்பவரின் தங்கத்தைச் சுங்க இலாகா பறிமுதல் செய்தது. பின்னர் அந்நியச் செலாவணி வழக்கும் வந்தது. சுங்க இலாகா நீதிமன்றம் அல்ல, வழக்கு நடக்கலாம் என்று 1953இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இலாகா விசாரணையில் பதவி பறிக்கப்பட்ட வெங்கட்ராமன் வழக்கிலும் 1954இல் இதே முடிவுதான்.

வேலை போவது தண்டனை இல்லையாம்! அடுப்பு அணைந்த வீட்டில் வந்து இதைச் சொல்லட்டும். ஆனால் கோபம் கோர்ட்டில் செல்லாது. இந்தத் திருட்டுக்குக் கோர்ட் தண்டித்த பின் மீண்டும் வழக்குப் போட்டால்தான் 20(2) கைகொடுக்கும். விடுதலையானவருக்கு மறு வழக்கிலிருந்து காப்பு, இன்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 337ஆம் பிரிவு. அப்பீல் மறு வழக்காகாது.

அந்தக் கடிதம்? தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 20(3). அது குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான். கடிதம் எழுதிய நாளில் எப்.ஐ.ஆர். இல்லை, வாங்கியவர் போலீசும் இல்லை. ஆகவே அது கோர்ட்டுக்கு வரும். ஆசை காட்டி வாங்கியது என்று வக்கீல் எதிர்க்கலாம். அந்த ஆசை வார்த்தையை நிரூபிக்க வேண்டியிருக்கும், மேனேஜர் மறுப்பார்.

போலீசிடம் சொன்ன குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது. ஆனால் அவர் காட்டிய இடத்தில் கம்பி கிடைத்தால், அந்த அளவுக்குரிய பேச்சு சாட்சியமாகும். கைரேகை, கையெழுத்து மாதிரி கேட்டால் "சட்டம் தடுக்கிறது" என்று மறுக்க முடியாது; அது வாய்ச்சாட்சி அல்ல என்று 1961இல் பதினோரு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆனால் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

நாம் கேட்பது ஒன்றே: சங்கத்தாரைப் பார்க்காமல் யாருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதாதீர்கள். வேலையைக் காக்க எழுதும் அந்த நாலு வரிதான் வேலையையும் தின்று, ஜெயில் கதவையும் திறக்கிறது.