முதலில் தமனியை வரையுங்கள்

இங்குவைனல் கெனால் படம் என்றதும் மாணவர்கள் தோலிலிருந்து பெரிட்டோனியம்வரை அடுக்கடுக்காகக் கோடு போட்டு வண்ணம் தீட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் வரைய வேண்டியது இன்ஃபீரியர் எபிகாஸ்ட்ரிக் தமனி. அதற்கு வெளிப்புறம் டீப் ரிங் வழியாக நுழைந்து, கெனால் நெடுக இறங்குவது இன்டைரக்ட் ஹெர்னியா. உட்புறம், தளர்ந்த பின்சுவரைத் தள்ளிக்கொண்டு பிதுங்குவது டைரக்ட். பாகூரில் நெல் மூட்டை சுமக்கும் 60 வயதுக்காரர் ஒருவர் "இருமினா கவட்டுல உருண்டையா வருதுங்க" என்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். படுக்கவைத்து வீக்கத்தை உள்ளே அனுப்பி, இங்குவைனல் லிகமென்ட்டின் நடுப்புள்ளிக்கு 1.25 செ.மீ. மேலே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, எழுந்து நின்று இருமச் சொல்ல வேண்டும். விரலுக்கு உட்புறம் எம்பினால் டைரக்ட், எம்பாவிட்டால் இன்டைரக்ட். வைவாவில் பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். விரல் சற்று விலகினாலே விடை மாறிவிடும். அறுவையில் தமனியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உறுதி. உள்ளே போகாமல் வலிக்கிற வீக்கத்தில் இந்தச் சோதனைக்கே இடமில்லை. வாந்தியும் சேர்ந்தால் குடல் நெரிபட்டிருக்கலாம். டைரக்டா இன்டைரக்டா என்று யோசிக்காமல் ஜிப்மருக்கு வண்டி ஏற்றிவிட வேண்டும்.