உப்பிய மூடியும் ஓர் அறிக்கையும்

'ஒரு குறிப்பிட்ட பேட்ச்சில் மட்டும் தரக் குறைபாடு கண்டறியப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' இந்த டைப் அறிக்கையை நீங்களும் பேப்பர்ல பார்த்திருப்பீங்க. படிச்சுட்டு அப்படியே பக்கத்தைத் திருப்பியிருப்பீங்க. இந்த வாரம் அப்படி ஒரு அறிக்கையை மட்டும் எடுத்து, ஸ்க்ரூ ஸ்க்ரூவா கழட்டிப் பார்க்கலாமா? பிராண்ட், அமெரிக்காவின் சோபானி. வருஷம், 2013. பொருள், தயிர்.

சோபானி விற்பது 'கிரீக் யோகர்ட்'. புரியும்படி சொன்னால், தண்ணீரை வடிகட்டி எடுத்த கெட்டித் தயிர். அதில் பழக்கூழும் சர்க்கரையும் சேர்த்து, சின்ன பிளாஸ்டிக் கப்பில் அடைத்து, மேலே ஃபாயில் மூடி ஒட்டி விற்பார்கள். 2012 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ட்வின் ஃபால்ஸ் என்ற ஊரில் அந்த கம்பெனி ஒரு பிரமாண்டமான தொழிற்சாலையைத் திறந்தது. செலவு சுமார் 45 கோடி டாலர். உலகத்திலேயே பெரிய தயிர் தொழிற்சாலை என்று பெருமையாகச் சொல்லிக் கொண்டார்கள்.

ஒன்பது மாசம்கூட முழுசா ஆகலை. 2013 ஆகஸ்ட் கடைசியில் வாடிக்கையாளர்களிடமிருந்து புகார்கள் வர ஆரம்பித்தன. 'கப்பின் மூடி பலூன் மாதிரி உப்பியிருக்கு', 'திறந்தா புஸ்ஸுனு சோடா மாதிரி சத்தம் வருது', 'தயிர் தண்ணியா இருக்கு'. சிலர் வயிற்றைப் பிரட்டுது என்றார்கள்.

மூடி ஏன் உப்பும்? இங்கேதான் சயின்ஸ் மேட்டர் வருது. தயிர் புளிப்பான பொருள். அந்தப் புளிப்பில் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றுக்கு வளருவது கஷ்டம். ஆனால் ஈஸ்ட்டுக்கும் பூஞ்சைக்கும் புளிப்பு ஒரு பிரச்னையே இல்லை. பாலைக் காய்ச்சும்போது அவை செத்துப்போகும், உண்மைதான். ஆனால் காய்ச்சின பிறகு காற்று, குழாய், பழக்கூழ், மூடி என்று எந்த வழியாகவாவது திரும்ப உள்ளே நுழைந்துவிட்டால் அவற்றுக்குக் கொண்டாட்டம்தான்.

சோபானி கப்பில் இருந்தது 'மியூகோர் சர்சினெல்லாய்ட்ஸ்' என்கிற பூஞ்சை. இது ஒரு டபுள் ஆக்ட் பார்ட்டி. காற்று கிடைத்தால் பழைய ரொட்டி மேல் வருமே, அந்த மாதிரி பஞ்சு பஞ்சாக வளரும். காற்று கிடைக்காமல் கரியமில வாயு நிறைந்த இடத்தில் மாட்டினால் வேஷத்தை மாற்றிக் கொண்டு ஈஸ்ட் மாதிரி உருண்டை உருண்டையாக வளரும். ஈஸ்ட் செய்கிற வேலையையும் செய்யும். சர்க்கரையைத் தின்று, கரியமில வாயுவையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் வெளியே தள்ளும். சீல் வைத்த கப், உள்ளே பழச் சர்க்கரை, வெளியே போக வழியில்லாத வாயு. மூடி உப்பாமல் என்ன செய்யும்? வாடிக்கையாளர் கேட்ட 'புஸ்' சத்தமும் அந்த வாயுதான். ஆக, லேப்புக்கு ஒரு சாம்பிள் போவதற்கு முன்னாலேயே, உள்ளே ஏதோ உயிரோடு வளருது என்று அந்த மூடியே சொல்லிவிட்டது.

இப்போ கம்பெனி என்ன சொன்னது? முதல் ரவுண்டில், பிரச்னை உள்ள கப்புகளைக் கடைகளிலிருந்து எடுத்துக் கொள்ளும்படி கடைக்காரர்களுக்குத் தகவல் போனது. செப்டம்பர் 3-ம் தேதி வெளியே சொன்ன விளக்கம் இது: பால் பொருள் தயாரிக்கும் இடங்களில் சாதாரணமாகக் காணப்படும் ஒரு வகைப் பூஞ்சைதான் காரணம், பாதிக்கப்பட்டது மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்துக்கும் குறைவு. கூடவே, இது 'ரீகால்' இல்லை, நாங்களாக முன்வந்து சரக்கை எடுக்கிறோம் என்றார்கள்.

வார்த்தையில என்ன பாஸ் இருக்கு, எடுத்தாச்சுல்ல என்று கேட்கலாம். நிறைய இருக்கு. கடை அலமாரியிலிருந்து சரக்கை எடுப்பது ஒரு வேலை. ஏற்கெனவே வாங்கிக் கொண்டு போனவர் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும் கப்பை நிறுத்துவது வேறு வேலை. முதல் வேலைக்கு கம்பெனியும் கடைக்காரரும் பேசிக் கொண்டால் போதும். இரண்டாவது வேலைக்கு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொல்லணும். ரீகால் என்ற வார்த்தைக்கு அந்தச் சத்தம் உண்டு. பேப்பர் எழுதும், டி.வி. சொல்லும், அரசாங்கம் தன் பட்டியலில் போடும். அந்த வார்த்தை செப்டம்பர் 5-ம் தேதிதான் வந்தது. நடுவில் இரண்டு நாள்தானே என்று தோணும். ஆனால் தயிர் என்பது அந்த இரண்டு நாளில் காலி ஆகிற சரக்கு.

அந்த ரீகால் அறிவிப்பில் பாராட்ட வேண்டிய விஷயமும் இருந்தது. கப்பில் 16-012 என்ற எண் இருக்கணும், 'பெஸ்ட் பிஃபோர்' தேதி 2013 செப்டம்பர் 11 முதல் அக்டோபர் 7 வரைக்குள் இருக்கணும். இரண்டும் பொருந்தினால் சாப்பிடாதீர்கள் என்றது அறிவிப்பு. ஃப்ரிட்ஜைத் திறந்து, பத்தே செகண்டில் யார் வேண்டுமானாலும் செக் பண்ணிவிடலாம். அறிக்கையின் உபயோகமான பகுதி என்றால் அதுதான்.

அந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. 16-012 என்பது ட்வின் ஃபால்ஸ் தொழிற்சாலையைக் குறிக்கும் எண். தேதிகளை எண்ணினால் 27 நாள் வருது. அப்படியென்றால் 'ஒரு பேட்ச்' என்று நாம் மனசுக்குள் நினைக்கிற ஒரே ஒரு அண்டா தயிர் இல்லை இது. ஒரு தொழிற்சாலையின் கிட்டத்தட்ட நாலு வாரச் சரக்கு! இதில் தப்பு இல்லை, இதுதான் சரி. பேட்ச்சின் எல்லையைத் தீர்மானிப்பது, கோளாறு எங்கே நுழைந்தது என்கிற கேள்வி. ஒரு அண்டாவில் மட்டும் நுழைந்திருந்தால் ஒரு நாள் சரக்கோடு முடிந்துவிடும். ஒரு குறிப்பிட்ட பழக்கூழில் வந்திருந்தால், அந்தப் பழம் போன எல்லாத் தொழிற்சாலையையும் தேடணும். ஒரு கட்டடத்துக்குள்ளேயே குடியிருந்தால் அந்தக் கட்டடத்திலிருந்து வந்த பல நாள் சரக்கு, பல ஃப்ளேவர், எல்லாமே உள்ளே வரும். சோபானிக்கு நியூயார்க் மாநிலத்தில் இன்னொரு தொழிற்சாலை உண்டு. அது இந்தப் பட்டியலில் இல்லை. ஆக, 'எந்த பேட்ச்' என்ற பதிலுக்குள்ளேயே 'எதனால்' என்ற பதிலும் பாதி ஒளிந்திருக்கு. காரணத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேட்ச் மட்டும் சொல்கிற அறிக்கையைப் பார்த்தால், அந்த எல்லைக்கோட்டை எதை வைத்துப் போட்டீங்க என்று கேட்கத் தோணணும்.

அடுத்தது உடல்நலம் பற்றிய வரி. இந்தப் பூஞ்சையால் 'பெரும்பாலான' வாடிக்கையாளர்களுக்கு உடல்நலப் பாதிப்பு இருக்காது என்று ஒரு உணவு விஞ்ஞானியின் கருத்தையும் கம்பெனி வெளியிட்டது. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களை இது அபூர்வமாகப் பாதிக்கலாம் என்பதும் அதோடு சேர்ந்தே வந்தது. வாக்கியம் பொய் இல்லை. ஆனால் வாக்கியத்தின் மொத்த வெயிட்டும் 'பெரும்பாலான' என்ற ஒரு வார்த்தையில்தான் நிற்குது. கேன்சருக்கு மருந்து எடுப்பவர், கிட்னி மாற்று ஆபரேஷன் செய்து கொண்டவர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், இவர்கள் எல்லாம் அந்த வார்த்தைக்கு வெளியே நிற்கிறவர்கள். தயிர் வயிற்றுக்கு நல்லது என்று நம்பிச் சாப்பிடுகிறவர்களில் இவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது வாக்கியத்தின் வாலில் தொங்கக் கூடாது, தலையில் இருக்கணும்.

கதை இங்கே முடியலை. உடம்பு சரியில்லாமல் போனதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் புகார் சொன்னவர்களின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. டியூக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ரீகால் ஆன ஒரு கப்பை வாங்கி, உள்ளே இருந்த பூஞ்சையை வளர்த்து, அதன் மரபணுக்களைப் படித்தார்கள். 2014 ஜூலையில் 'எம்பயோ' என்ற ஆய்விதழில் ரிசல்ட் வந்தது. மியூகோர் சர்சினெல்லாய்ட்ஸ் என்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. அதற்குள் பல கிளைகள் உண்டு, சில சாது, சில முரடு. கப்பில் இருந்தது மனிதர்களின் நோய்த்தொற்றுகளில் அதிகம் பார்க்கப்படும் கிளை. எலிகளின் ரத்தத்தில் செலுத்தியபோது அவற்றுக்கு நோய் வந்தது. வாய் வழியாகக் கொடுத்தபோது, அதன் வித்துகள் குடலைத் தாண்டி உயிரோடு வெளியே வந்தன.

இதை வைத்து 'ஆஹா, கம்பெனி விஷம் வித்தது' என்று குதிச்சால் அதுவும் தப்பு. ஊசியில் ஏற்றுவதும் ஸ்பூனில் சாப்பிடுவதும் ஒன்றில்லை. இதைச் சாப்பிட்டதால்தான் மக்களுக்கு நோய் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சோபானி பதில் சொன்னது. புகார் சொன்ன 200 பேரில் எத்தனை பேருக்குக் காரணம் தயிர்தான் என்று அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்லவும் முடியாது. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். 'பால் பொருள் தயாரிக்கும் இடங்களில் சாதாரணமாகக் காணப்படுவது' என்ற வரி, அது எங்கே இருக்கும் என்பதைச் சொல்லுதே தவிர, என்ன செய்யும் என்பதைச் சொல்லவே இல்லை. கேள்வி 'ஆபத்தா?', பதில் 'சகஜம்'. நம்ம வைவா-வில் இப்படி பதில் சொன்னால் எக்ஸ்டர்னல் விட்டுவிடுவாரா?

நம்மில் யாரோ ஒருத்தர் நாளைக்கு ஒரு ஃபுட் கம்பெனியின் குவாலிட்டி டிபார்ட்மென்ட்டில் உட்காரப் போறோம். அறிக்கையின் முதல் டிராஃப்ட் அந்த டேபிளிலிருந்துதான் கிளம்பும். எண்ணும் தேதியும் முதல் வரியில், யார் கண்டிப்பாகச் சாப்பிடக் கூடாது என்பது இரண்டாவது வரியில், கோட்டை எதை வைத்துப் போட்டோம் என்பது மூன்றாவதில். வருத்தம் எல்லாம் அப்புறம் தெரிவிச்சுக்கலாம்.

அதுவரைக்கும், உப்பின கப் கையில் கிடைச்சால் நாக்கில் வைத்து டெஸ்ட் பண்ற வீரம் வேண்டாம். தூக்கிப் போடறதுக்கு முன்னாடி மூடியையும் பேட்ச் எண்ணையும் ஒரு போட்டோ எடுத்துடுங்க. புகார் பண்ணும்போது அந்த எண் இருந்தால்தான், எந்தத் தொழிற்சாலை, எந்த நாள் என்று அவர்களால் தேடவே முடியும்.

அடுத்த வாரம் பார்ப்போம். டாட்டா!