‘பாம்பே ஓ’ என்றொரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேதி இல்லாத ரத்த வேண்டுகோள்கள் வீண் அலைச்சல் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொன்னது மிகச் சரி. அரிய வகை ரத்தம் என்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது.

இக்கடிதம் எழுதுபவரின் குடியிருப்போர் குழுவுக்கு அண்மையில் வந்த செய்தி: “அவசரம், பாம்பே ஓ நெகட்டிவ் தேவை, பகிரவும்.” மருத்துவமனையின் பெயர் இருந்தது. தேதியோ, ரத்த வங்கியின் எண்ணோ இல்லை. ஓ நெகட்டிவ் உள்ள இருவர் உடனே கிளம்பிவிட்டார்கள், பாவம்!

1952இல் டாக்டர் பெண்டேயும் சகாக்களும் மும்பையில் கண்டறிந்த பாம்பே வகை வேறு, ஓ வேறு. ஓ வகையினரின் சிவப்பணுக்களில் ‘எச்’ ஆன்டிஜென் உண்டு. பாம்பே வகையினருக்கு அது கிடையாது. அதை எதிர்க்கும் ஆன்டிபாடி இருக்கிறது. சாதாரண ஓ ரத்தத்தை ஏற்றினால் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஏ, பி மட்டும் பார்க்கும் சோதனையில் பாம்பே வகையும் ஓ என்றே தெரியும். நோயாளியின் சீரத்தை ஓ அணுக்களோடு கலக்கும்போது அவை திரள்வதுதான் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே இத்தகைய வேண்டுகோளில் ரத்த வங்கி உறுதிசெய்த வகை, ஆர்எச் பாசிட்டிவா நெகட்டிவா, எத்தனை யூனிட், உள்நோயாளி எண், ரத்த வங்கியின் தரைவழித் தொலைபேசி, எந்தத் தேதி எத்தனை மணி வரை தேவை ஆகியவை இருக்கட்டும். குழு நிர்வாகி ரத்த வங்கியிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகே பகிரட்டும். ரத்தம் கிடைத்ததும் பழைய செய்தியை நீக்குவதும் அவர் பொறுப்பாகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை