முத்திரையை யாரும் படிப்பதில்லை

ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் பல வருடம் வேலை பார்த்தேன். லீவு முடிந்து வருகிறவர்கள் நீட்டும் மெடிக்கல் சர்ட்டிபிகேட் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லம் வடகால் வரை, லைனில் நிற்கும் பையனிலிருந்து எச்.ஆர். மேனேஜர் வரை எல்லோரும் நம்பும் ஒரு விஷயம் தவறு. பெரிய ஆஸ்பத்திரி லெட்டர்பேட், இரண்டு மூன்று ரப்பர் ஸ்டாம்ப், முடிந்தால் அரசு டாக்டர் கையெழுத்து, வாயில் நுழையாத ஒரு நோயின் பெயர் இவையெல்லாம் இருந்தால் கம்பெனி கேள்வி கேட்காது என்பதுதான் அந்த நம்பிக்கை. இதை நம்பிக் கடன் வாங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் உண்மையாக இருந்தும் பொய்யன் என்ற பெயரோடு திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்படி ஒருவருடைய கதையைத் தேதி தேதியாகச் சொல்கிறேன். பிரஸ் ஷாப்பில் வேலை செய்த பையன், மாத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். 9ஆம் தேதி திங்கட்கிழமை இரவு பத்தரை மணி ஷிஃப்டுக்கு வந்தான். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு உடம்பு கொதித்தது, அவுட் பாஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் அறையிலேயே மாத்திரை போட்டுப் படுத்துக் கிடந்தான். 12ஆம் தேதி முடியாமல் போய் டாக்டரைப் பார்த்தான். ரத்தப் பரிசோதனையில் டெங்கு, தட்டணுக்கள் குறைந்திருந்தன. 18 வரை வேலைக்கு வரவில்லை. நடுவில் ஞாயிறு வார விடுமுறை போக எட்டு ஷிஃப்ட் விடுபட்டது.

19ஆம் தேதி அவன் கொண்டுவந்த சர்ட்டிபிகேட் பார்க்க அழகாக இருந்தது. வழவழப்பான தாள், மூன்று முத்திரை. "9 முதல் 18 வரை டெங்கு காய்ச்சலால் சிகிச்சையில் இருந்தார்" என்று எழுதி, கீழே கையெழுத்தோடு 9 என்றே தேதியும் போட்டிருந்தது. எச்.ஆரில் அதைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 9ஆம் தேதி இரவு கேட்டில் பஞ்ச் செய்திருக்கிறான். கூட இணைத்திருந்த ரத்தப் பரிசோதனை முடிவில் 12 என்று இருக்கிறது. 12ஆம் தேதி தெரிந்த டெங்குவை 9ஆம் தேதியே ஒரு டாக்டர் எப்படி எழுதினார்? சர்ட்டிபிகேட் போலி என்று முடிவு கட்டினார்கள். எட்டு நாள் சம்பளம் போனது, எச்சரிக்கைக் கடிதமும் வந்தது.

நடந்தது என்ன என்றால், பையன் "முதல் நாளிலிருந்து போட்டுக் கொடுங்க சார்" என்று கெஞ்சியிருக்கிறான், டாக்டர் இரக்கப்பட்டுப் பின்தேதியிட்டுக் கொடுத்துவிட்டார். காப்பாற்றும் என்று இருவரும் நினைத்த அந்தத் தேதிதான் அவனைக் கவிழ்த்தது.

டாக்டர் உண்மையை மட்டும் எழுதியிருந்தால் ஒரு கேள்வியும் வந்திருக்காது. "12ஆம் தேதி இவரைப் பரிசோதித்தேன். 10ஆம் தேதி அதிகாலையிலிருந்து காய்ச்சல் என்று சொல்கிறார், இன்று நான் பார்த்த நிலை அதற்குப் பொருந்துகிறது. இன்று முதல் 18 வரை ஓய்வு அவசியம்." இவ்வளவுதான். தான் கண்டது எது, நோயாளி சொன்னது எது என்று டாக்டர் பிரித்துக் காட்டிவிட்டால், பார்க்காத இரண்டு நாளுக்கும் அந்தத் தாளிலேயே பதில் இருக்கிறது. இரவு ஷிஃப்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. வருகைப் பதிவேட்டில் ஷிஃப்ட் தொடங்கிய தேதிதான் ஏறும். அதிகாலை இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் காலண்டரில் 10, பதிவேட்டில் 9. இது டாக்டருக்குத் தெரிய வழியில்லை. நோயாளிதான் "நான் வராத முதல் ஷிஃப்ட் 10ஆம் தேதி இரவு" என்று சொல்ல வேண்டும்.

இப்படி எழுதச் சொல்வது என் சொந்த யோசனை இல்லை. டாக்டர்களின் நடத்தைக்காக இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையின் பின்னிணைப்பிலேயே லீவு சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அதில் முதலில் வருவது நோயாளியின் கையெழுத்து அல்லது கைரேகை, அதை டாக்டர் முன்னிலையில் வைக்க வேண்டும். அடுத்தது அங்க அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு, வலது முழங்கையில் மச்சம் என்பது போல. பிறகு, எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் வேலைக்கு வராமல் இருப்பது உடல் தேறுவதற்கு அவசியம் என்ற வாசகம். டாக்டர் ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கொடுத்த சர்ட்டிபிகேட்டுகளுக்கென்று தனிப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும். தன் பதிவு எண்ணையும் சர்ட்டிபிகேட்டில் போட வேண்டும். பொய்யான சர்ட்டிபிகேட்டில் கையெழுத்திட்டால் டாக்டர்களின் பதிவேட்டிலிருந்து அவர் பெயரையே நீக்கலாம் என்றும் அந்த ஒழுங்குமுறை சொல்கிறது.

எங்கள் பகுதியில் நான் பார்த்த சர்ட்டிபிகேட்டுகளில் நோயாளியின் கையெழுத்து இருந்தது அபூர்வம். அங்க அடையாளம் எழுதியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அறையில் ஆறு பேர் தங்கி, ஒருவருக்காக இன்னொருவர் கிளினிக்குக்குப் போய் சீட்டு வாங்கி வருவது இங்கே சகஜம். அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது நோயாளியின் கையெழுத்தும் அந்த மச்சமும்தான். எத்தனை முத்திரை குத்தினாலும் அது தீராது. ரப்பர் ஸ்டாம்ப் செய்ய எந்தக் கடையிலும் ஆள் இருக்கிறது. பதிவு எண்ணையோ மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். டாக்டரின் பதிவேட்டில் வரிசை எண் இருந்தால், கிளினிக்குக்குப் போன் செய்து "இந்தத் தேதியில் இந்த எண்ணுள்ள சர்ட்டிபிகேட் நீங்கள் கொடுத்ததுதானா" என்று ஒரு கேள்வியில் முடித்துவிடலாம். அதற்கு மேல் என்ன நோய், என்ன மருந்து என்று எச்.ஆர். கேட்கக் கூடாது, கேட்டாலும் டாக்டர் சொல்லக் கூடாது.

அரசு டாக்டர் கையெழுத்துதான் செல்லும் என்று அடம்பிடிக்கும் கம்பெனிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேலே சொன்ன 2002 மாதிரிப் படிவம் அரசு டாக்டருக்கும் தனியார் டாக்டருக்கும் ஒன்றேதான். ஒடிசாவில் சொந்த ஊருக்குப் போன இடத்தில் மஞ்சள் காமாலை வந்து படுத்தவரிடம் "காஞ்சிபுரம் மாவட்ட டாக்டரிடம் வாங்கி வா" என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். அவரைப் பரிசோதிக்காத டாக்டர் எதைச் சான்றளிப்பார்? அப்படிக் கேட்பது பொய் சர்ட்டிபிகேட் வாங்கி வா என்று கம்பெனியே சொல்லி அனுப்புவதற்குச் சமம். ஒடிசா கவுன்சிலில் பதிவான டாக்டரின் எண் இருந்தால் அது போதும். அதற்கு மேலும் சந்தேகம் என்றால், வேலைக்குத் திரும்பும் அன்று கம்பெனி டாக்டரே ஒருமுறை பார்க்கட்டும்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் பெரிய ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட்டின் மேல் வைக்கும் நம்பிக்கைக்குப் பணத்தாலேயே விலை கொடுக்கிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, சந்தா நாட்கள் போதுமானதாக இருந்தால், சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாக வரும். ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு, முதல் இரண்டு நாளுக்கு மட்டும் கிடையாது. அந்தப் பையனின் தினக்கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10ஆம் தேதி காலையிலேயே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் முதல் சர்ட்டிபிகேட் வாங்கி, 18 வரை தொடர் சர்ட்டிபிகேட்டும் வாங்கியிருந்தால், ஒன்பது நாளில் இரண்டு போக ஏழு நாளுக்கு 420 ரூபாய் வீதம் 2,940 ரூபாய் கணக்கில் ஏறியிருக்கும். வேலைக்குத் திரும்பும் முன் அங்கே இறுதிச் சர்ட்டிபிகேட்டும் வாங்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டுக் கேட்டில் வந்து நிற்பார்கள்.

நோயை விவரமாக எழுதினால்தான் நம்புவார்கள் என்ற எண்ணம் இன்னும் மோசம். மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஒரு தங்கைக்குக் கர்ப்பப்பையில் அறுவை சிகிச்சை நடந்தது. ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் சர்ட்டிபிகேட்டோடு பின் அடித்துக் கொடுத்தாள், கொடுக்கச் சொன்னதே சூப்பர்வைசர்தான். அது லைன் லீடர் கையிலிருந்து ஆபீஸ் வரை நான்கு மேஜை கடந்து போனது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அவளுடைய உடம்பைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டாள்.

அந்த 2002 மாதிரியில் நோயின் தன்மையை எழுதவும் இடம் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் "அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வு" என்றாலே தன்மை தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒட்டிய கவரில் கம்பெனி டாக்டர் பெயருக்குப் போகட்டும். பெரிய தொழிற்சாலைகளில் அவர் இருக்கிறார், ரகசியம் காக்கும் கடமையும் அவருக்கு இருக்கிறது. எச்.ஐ.வி. நிலையை வெளியிட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மனநலச் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்துக்கும் அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம் உரிமை தருகிறது. இப்படிப்பட்டவர்களிடம் "என்ன நோய் என்று எழுதி வாங்கி வா" என்று கவுன்ட்டரில் நின்று கேட்பதற்கு எந்தக் கம்பெனிக்கும் அதிகாரம் கிடையாது.

நோயின் பெயர் தெரிந்து சூப்பர்வைசர் செய்யப் போவது ஒன்றுமில்லை. இந்த ஆளை நாளைக்கு எங்கே நிறுத்துவது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்ல வேண்டியது தகுதிச் சர்ட்டிபிகேட், அங்கேதான் டாக்டர்கள் கையை விரிக்கிறார்கள். ஓய்வு சீட்டு எழுதும் அன்றே "19 முதல் தகுதி" என்று முன்கூட்டி எழுதிவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து உடம்பு எப்படி இருக்கும் என்று அன்றைக்கே யாருக்குத் தெரியும்? ஓய்வு முடியும்போது மறுபடி பார்த்துத்தான் அதை எழுத வேண்டும். ஓய்வு 18 வரை, தகுதி 21 முதல் என்று நடுவில் இரண்டு நாள் ஓட்டை விடுவதும் உண்டு. அந்த இரண்டு நாளும் காரணமில்லாத லீவாகிவிடும்.

"லைட் டியூட்டி கொடுக்கவும்" என்ற வாசகம் இன்னொரு தொல்லை. எங்கள் தொழிற்சாலையில் லைட் டியூட்டி என்று ஒரு இடமே கிடையாது. முதுகுத் தசை பிடித்து இரண்டு வாரம் ஓய்விலிருந்த ஒருவர் அப்படி ஒரு சீட்டோடு மூன்று முறை வந்து திரும்பிப் போனார். நான்காவது முறை சுங்குவார்சத்திரத்தில் சின்ன கிளினிக் வைத்திருக்கும் ஒரு டாக்டர், முத்திரைகூட மங்கிப்போன தாளில் எழுதிக் கொடுத்தார்: நான்கு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, குனிந்து எடுக்கும் வேலை கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது, இன்ன தேதியில் மறுபடி பார்ப்பேன். கீழே பதிவு எண், நோயாளியின் கையெழுத்து, கழுத்தில் ஒரு மச்சம். ஷிஃப்ட் இன்சார்ஜ் நின்றபடியே அதைப் படித்தார், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போன் செய்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து லேபிள் ஒட்டும் இடத்துக்கு அவரை அனுப்பிவிட்டார்.