அண்ணாவுக்கு ஒரு பெட்டிக் கடிதம்

அன்புள்ள அண்ணா,

டிசம்பரில் வந்துவிட்டுத் திரும்பும்போது எதையெல்லாம் சிகாகோவுக்கு எடுத்துப் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். பெரியம்மா இப்போதே இருபது சோப்பு வாங்கி அடுக்கிவிட்டார். அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 23 கிலோ பெட்டியில் இரண்டு கிலோ சோப்புக்கே போய்விடும். டெவான் அவென்யூ கடைகளில் கிடைக்கிற சோப்பு, தேங்காயெண்ணெயை எல்லாம் இங்கிருந்து சுமப்பது வீண். சோப்பு வாசனை பக்கத்திலிருக்கும் சாம்பார்ப் பொடியில் ஏறினால் பொடியும் போச்சு! விலை குறைவு என்பதற்காக எதையும் எடுக்காதீர்கள். அங்கே தேடினாலும் கிடைக்காததை எடுங்கள், அவ்வளவுதான்.

மிக்சி வேண்டவே வேண்டாம். நம்மூர் மிக்சி 230 வோல்ட்டுக்கானது, அங்கே வருவதோ 120 வோல்ட். நேராகச் செருகினால் ஓடும், ஆனால் பாதி மின்னழுத்தத்தில் சக்தி ஏறக்குறைய கால்வாசிதான். உளுந்தைப் போட்டால் முனகிக்கொண்டே நின்றுவிடும். மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம்தான். 750 வாட் மிக்சியைத் தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மர் பல கிலோ கனக்கும். அதைவிட, 120 வோல்ட்டுக்கென்றே செய்த இந்திய மிக்சியை அங்கேயே வாங்கிவிடலாம்.

குக்கர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு உதிரிப் பாகங்கள்தான் முக்கியம். விசில் வராமல் மூடியின் ஓரத்தில் ஆவி கசிந்தால் கேஸ்கட் இறுகியோ தளர்ந்தோ போயிருக்கும். தண்ணீர் வற்றிச் சூடேறினால் மூடியிலுள்ள பாதுகாப்பு வால்வு உருகித் திறந்துகொள்ளும். ஒருமுறை உருகியதை மறுபடி பயன்படுத்த முடியாது, மாற்றித்தான் ஆகவேண்டும். இரண்டு கேஸ்கட், இரண்டு வால்வு, ஒரு வெயிட் எல்லாம் சேர்த்தாலும் ஒரு சோப்புப் பொட்டலம் அளவுக்குக்கூட இடம் பிடிக்காது. குக்கரின் கம்பெனி, மாடல், எத்தனை லிட்டர் என்று பார்த்து இன்றே எழுதி அனுப்புங்கள். கண்ணளவில் வாங்கினால் நிச்சயம் பொருந்தாது.

வீட்டில் அரைத்த சீயக்காய் அரைக் கிலோ வையுங்கள். அதைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வைப்பது நல்லது. அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லி அளவுக்கு மேற்பட்ட பொடி கைப்பையில் இருந்தால் 2018 முதல் தனியாகச் சோதிக்கிறார்கள். பொட்டலத்தின் மேல் ஆங்கிலத்தில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். பெயரில்லாத பழுப்புப் பொடியை வைத்துக்கொண்டு விளக்கம் சொல்வது பெரும்பாடு.

அப்புறம், குளியலறைக்கு ஒரு பிளாஸ்டிக் மக். சிரிக்காதீர்கள், அதன் அருமை உங்களுக்கே தெரியும். அதற்குள்ளேயே கேஸ்கட்டைச் சுருட்டி வைக்கலாம்.

சூடத்தை மட்டும் பெரியம்மா எவ்வளவு சொன்னாலும் வைக்காதீர்கள். எளிதில் தீப்பற்றும் பொருள், விமானத்தில் கூடாது.

சோப்பைப் பற்றிப் பெரியம்மாவிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள். எனக்குத் தைரியமில்லை!

அன்புடன்,
தம்பி