சிப்ரோ குளிசையும் அம்மம்மாவின் சீனியும்

மொன்றியலில் எங்கட வீடுகளில் வயது போனவர்களுக்குச் சீனி வருத்தம் இருப்பது புதினமில்லை. ஆனால் சலத்தொற்றுக்கோ சளிக்கோ எழுதித் தரும் ஒரு அன்ரிபயாற்றிக், அந்தச் சீனியை ஒரேயடியாக இறக்கவோ ஏற்றவோ கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

சிப்ரோபுளொக்சசின், லெவோபுளொக்சசின், மொக்சிபுளொக்சசின் போன்ற, பெயர் 'புளொக்சசின்' என்று முடிகிற குளிசைகளைத்தான் சொல்கிறேன். இதே குடும்பத்தின் கட்டிபுளொக்சசினை, ஒன்ராறியோவில் 66 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் பதிவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். 2006 மார்ச்சில் முடிவு வந்தது. வேறொரு வகை அன்ரிபயாற்றிக் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், சீனி இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும் அபாயம் சுமார் 4 மடங்கு. சீனி ஏறிப் போவது சுமார் 17 மடங்கு. நீரிழிவு இல்லாதவர்களையும் அது விடவில்லை. அந்த ஆண்டே அதன் விற்பனை இங்கே நின்றது. 2011இல் இந்தியாவும் தடை செய்தது.

மற்றவை இன்றும் பாவனையில் உள்ளன. லெவோபுளொக்சசினுக்கும் சிறிய அளவில் சீனி இறங்கும் அபாயத்தை அதே ஆய்வு கண்டது. 2018இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் முழுக் குடும்பத்துக்கும் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. சீனி இறங்கிக் கோமாவுக்குப் போனவர்களில் பலர் வயதானவர்கள், சீனிக் குளிசை எடுத்தவர்கள்.

காரணம் விளங்கக் கஷ்டமில்லை. கிளிக்ளசைட், கிளைபுரைட் போன்ற குளிசைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. புளொக்சசினும் அதே கதவைத்தான் தட்டுகிறது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடலில் தேங்கும். காய்ச்சலில் சாப்பாடும் குறையும்.

ஒரு உதாரணம். 78 வயது அம்மம்மா காலையில் கிளிக்ளசைட் எடுக்கிறா. சலத்தொற்றுக்குச் சிப்ரோ தொடங்கி இரண்டாம் நாள் வியர்க்கிறது, சம்பந்தமில்லாமல் கதைக்கிறா. "காய்ச்சல், வயசு" என்று நாங்கள் விட்டுவிடுவோம். அங்கேதான் பிழை. உடனே விரல் குத்திப் பாருங்கோ. 4க்குக் கீழே என்றால், விழுங்கக்கூடிய நிலையில் முக்கால் கோப்பை பழச்சாறு கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கோ. மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 911 எடுங்கோ. படபடப்பு வரவில்லை என்று ஆறுதலடைய வேண்டாம். பீற்றா புளொக்கர் எடுப்பவர்களுக்கு அது மறைந்துவிடும். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

இதையெல்லாம் முன்கூட்டியே பிடிக்கக்கூடியவர் பார்மசிக்காரர். ஆனால் அவர் கணினியில் தெரிவதை மட்டுமே பார்ப்பார். ஊரிலிருந்து சூட்கேசில் வந்த சிப்ரோ அட்டை அதில் இல்லை. இரண்டு பார்மசியில் மருந்து எடுத்தாலும் படம் முழுமையாகாமல் போகலாம். ஆகவே வீட்டு மருந்துகளை ஒரே பார்மசியில் வைத்து, புளொக்சசின் தரும்போது இதைக் கேளுங்கோ: "இவ சீனிக் குளிசை எடுக்கிறா, வேற மருந்து இருக்கா? இல்லையென்றால் எத்தனை தடவை சீனி பார்க்கவேணும்?"

சில தொற்றுகளுக்குப் புளொக்சசின்தான் சரியான மருந்து. அதை நீங்களாக நிறுத்தாதேங்கோ. அந்த நாட்களில் சீனி பார்க்கும் மெசின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.