காட்டூன் படத்துக்குப் பிரதி எழுதும் முறை

எமது பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளில், நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நிமிடக் காட்டூன் படம் செய்து வரும்படி வேலை கொடுப்பதுண்டு. ஒருவர் கதை எழுதுவார், இன்னொருவர் படம் வரைவார், வேறொருவர் குரல் கொடுப்பார். இதற்கு முதலில் வேண்டியது பிரதி. கட்டுரை எழுதுவது போல இதை எழுத முடியாது. இதற்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கை ஒரு சின்னக் கதையை வைத்து இம்முறை பார்ப்போம்.

கதை இதுதான். ரொறன்ரோவில் ஒரு தொடர்மாடியின் பல்கனியில் அப்பம்மா மிளகாய் காயப் போடுகிறார். ஒரு கறுத்த அணில் வருகிறது. ஊர் அணிலின் முதுகில் மூன்று கோடு இருக்கும், இதற்கு அது இல்லை. அப்பம்மாவுக்கு ஊர் ஞாபகம் வருகிறது.

பிரதியில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது காட்சித் தலைப்பு. காட்சி கூரைக்குக் கீழா வெளியிலா, எந்த இடம், பகலா இரவா என்ற மூன்றையும் ஒரே வரியில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் உள்ளே என்பதற்கு INT. என்றும் வெளியே என்பதற்கு EXT. என்றும் தட்டச்சுச் செய்வார்கள். தமிழில் நாம் 'உள்', 'வெளி' என்று எழுதலாம். இடமோ நேரமோ மாறினால்தான் புதிய தலைப்புப் போட வேண்டும். அதே பல்கனியில் ஆள் எழும்பி நின்றால் அதற்குத் தலைப்புத் தேவையில்லை.

காட்டூன் படத்தில் இந்தத் தலைப்பு வேலையின் அளவையும் காட்டிவிடும். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் வரைபவர் புதிதாக ஒரு பின்னணி தீட்ட வேண்டும். அதே பல்கனியில் பகல் இரவானாலும் நிறம் முழுவதையும் மாற்ற வேண்டும். அப்பம்மா குசினியில் மிளகாய் எடுத்து, பல்கனிக்கு வந்து, பிறகு தெருவைப் பார்த்தால் மூன்று பின்னணி ஆகிவிடும். ஒரு நிமிடக் கதைக்கு ஒரு பல்கனி போதும்.

இரண்டாவது பகுதி செயல் வரி. கண்ணால் காண்பதையும் காதால் கேட்பதையும் மட்டும், இப்போது நடப்பது போல எழுத வேண்டும். பலர் தடுமாறும் இடம் இதுதான். 'அப்பம்மாவுக்கு ஊர் ஞாபகம் வருகிறது' என்று எழுதத்தான் எவருக்கும் முதலில் தோன்றும். அந்த வரியை வரைபவரிடம் கொடுத்தால் அவர் எதை வரைவார்? நடிகை ஒருவர் நடித்தால் தன் முகத்தில் எதையாவது காட்டிச் சமாளிப்பார். இங்கே நடிகை இல்லை. பிரதியில் இல்லாத அசைவு படத்திலும் இராது. ஆகவே அப்பம்மா என்ன செய்தால் ஊர் ஞாபகம் எமக்குத் தெரியும் என்று யோசித்து, அந்தச் செயலை எழுத வேண்டும்.

மூன்றாவது வசனம். பேசுபவரின் பெயரை ஒரு வரியிலும் அவர் பேசுவதை அடுத்த வரியிலும் எழுத வேண்டும். காட்டூன் படத்தில் வழமையாகக் குரலை முதலில் பதிவு செய்து, அதைக் கேட்டு வாயசைவை வரைவார்கள். ஆகவே வசனம் ஆள் பேசுகிறபடியே இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்து அப்பம்மாவுக்குப் புத்தகத் தமிழை எழுதிக் கொடுத்தால், அது பதிவிலும் வாசிப்பது போலவே கேட்கும்.

இப்போது எமது கதையைப் பிரதியாகப் பார்ப்போம்.

வெளி. தொடர்மாடிப் பல்கனி - பகல்

சுளகு நிறையச் சிவந்த மிளகாய். அப்பம்மா, 70 வயது, சேலைக்கு மேல் தடித்த குளிர்ச்சட்டை. நிலத்தில் இருந்து மிளகாயைக் கையால் புரட்டுகிறார்.

பல்கனிக் கம்பியில் ஒரு கறுத்த அணில் வந்து குந்துகிறது. அப்பம்மாவின் கை நிற்கிறது. கழுத்தை நீட்டி அணிலின் முதுகைப் பார்க்கிறார்.

                    அப்பம்மா
          உது அணிலோ?

அவர் மூன்று விரல்களை நீட்டிக் காற்றில் மூன்று கோடு இழுக்கிறார்.

                    அப்பம்மா
          மூண்டு கோடும் எங்கை?

                    பேரன் (உள்ளேயிருந்து)
          இஞ்சத்தை அணிலுக்குக் கோடு இல்லை அப்பம்மா.

                    அப்பம்மா
          பாவம்.

சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, ஒரு கச்சானை எடுத்துக் கம்பியின் மேல் வைக்கிறார். அணில் அதை இரண்டு கையாலும் எடுக்கிறது.

ஞாபகம் என்ற சொல் எங்கும் இல்லை. காற்றில் இழுத்த மூன்று கோடும் 'பாவம்' என்ற ஒரு சொல்லும் அந்த வேலையைச் செய்கின்றன. பேரன் உள்ளேயிருந்து பேசுவதையும் கவனியுங்கள். அவன் முகம் தெரியாததால் அவனை வரையவும் வேண்டாம், அவனுக்கு வாயசைவும் வேண்டாம்.

இனி தாளில் வைக்கும் முறை. இடது பக்கம் ஒன்றரை அங்குலமும் மற்றப் பக்கங்களில் ஏறக்குறைய ஒரு அங்குலமும் வெற்றிடம் விடுவார்கள். இடது பக்கம் கூட விடுவது துளையிட்டுக் கட்டுவதற்காக. காட்சித் தலைப்பும் செயல் வரியும் இடது ஓரத்திலிருந்தே தொடங்கும். வசனம் அந்த ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளியும், பெயர் ஏறக்குறைய இரண்டே கால் அங்குலம் தள்ளியும் இருக்கும். கணினியில் இடைவெளிக் கட்டையைப் பலமுறை தட்டித் தள்ளாமல், ஓர அளவை ஒருமுறை அமைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு சொல்லைத் திருத்தினாலும் வரிகள் கலைந்துவிடும்.

ஆங்கிலப் பிரதியில் தலைப்பையும் பெயரையும் பெரிய எழுத்தில் போடுவார்கள். தமிழில் பெரிய எழுத்து இல்லை. ஆகவே அவற்றைத் தடித்த எழுத்தில் போட்டால் கண்ணுக்கு உடனே தெரியும். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்றொரு கணக்கும் சொல்லப்படுகிறது. அது ஆங்கிலத்தில், தட்டச்சு இயந்திரத்தின் எழுத்தைப் போன்ற 12 அளவு எழுத்துக்குச் சரிவரும் கணக்கு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்தின் அகலமும் வேறு. அதை நம்பித் தமிழ்ப் பிரதியை அளக்க முடியாது.

அதற்குப் பதிலாக மணிக்கூட்டை வைத்துக்கொண்டு நடித்துப் பாருங்கள். ஒருவர் வசனத்தைச் சொல்ல, இன்னொருவர் மிளகாயைப் புரட்டி, முடிச்சை அவிழ்த்து, கச்சானை வைக்கட்டும். இந்தப் பிரதிக்கு 40 விநாடி எடுத்தது என்று வைப்போம். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு சட்டத்துக்கு நிறுத்துவார்கள், ஆகவே விநாடிக்கு 12 படம். 40 விநாடிக்கு 480 படம் வரும். அப்பம்மா அசையாமல் பார்க்கும் இடங்களில் ஒரே படம் நிற்கும் என்பதால் தொகை குறையும். அப்படியும் அது பிள்ளைகளுக்குக் கூடுதல் என்றால், வரையத் தொடங்கிய பிறகல்ல, பிரதியில் இருக்கும்போதே ஒரு செயலை வெட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒரு பரீட்சை. கதையைக் கேட்டிராத ஒருவரிடம் பிரதியைக் கொடுத்து, ஆறு கட்டம் கீறி அதில் கதையை வரையச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்லக் கூடாது. அவர் பென்சிலை நிறுத்தி "இதில் என்ன நடக்குது?" என்று கேட்கும் வரிதான் திருத்த வேண்டிய வரி.

இந்த ஆறு கட்டங்களை வளர்த்து முழுப் படத்துக்கும் காட்சிக் கட்டங்கள் வரைவது எப்படி என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.